வெள்ளை அணு 1,84,000: அப்பாவை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 54. ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 1,84,000 என்று வந்தது. பிறகு எலும்பு மஜ்ஜை பரிசோதனை செய்து, 'குரோனிக் மைலாய்ட் லுகீமியா' என்று போன வாரம் சொன்னார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் சித்தி மகனுக்கு (9 வயது) போன வருடம் 'அக்யூட் லுகீமியா' வந்தபோது அவனுக்கு வெள்ளை அணு 3,200 தான் இருந்தது. ஆனால் அன்று இரவே அட்மிட் செய்து, ரத்தம் ஏற்றி, அந்த வாரமே கீமோ ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு ஐம்பது மடங்குக்கு மேல் இருக்கிறதே, ஏன் யாரும் அவசரப்படவில்லை? நோய் முற்றிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்டார்களா? வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி.

பதில்: யாரும் கைவிடவில்லை. அந்த இரவில் தம்பியை அட்மிட் செய்ததும் சரி, அப்பாவை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியதும் சரி. பெயரில் லுகீமியா என்று இருந்தாலும் இரண்டும் வேறு வேறு நோய்கள். இதில் எது அவசரம் என்பதை மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அந்த அணுக்கள் எவ்வளவு முதிர்ந்தவை என்பதைத்தான் முதலில் பார்ப்போம்.

நம் ரத்த அணுக்கள் எல்லாம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உருவாகின்றன. அங்கே முதலில் தோன்றும் குழந்தை அணுவுக்கு 'பிளாஸ்ட்' என்று பெயர். அதற்கு எந்த வேலையும் தெரியாது. படிப்படியாக முதிர்ந்த பிறகுதான் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவாக ரத்தத்துக்குள் வரும். ஆரோக்கியமான மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குள் இருக்கும், ரத்தத்தில் இருக்கவே இருக்காது.

அக்யூட் லுகீமியாவில் அணு பிளாஸ்ட் நிலையிலேயே நின்றுவிடுகிறது. முதிராது, ஆனால் பெருகிக்கொண்டே போகும். சில வாரங்களில் மஜ்ஜை முழுக்க பிளாஸ்ட்களே நிரம்பி, சிவப்பணுவும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும், நல்ல வெள்ளை அணுவும் உருவாக இடமில்லாமல் போகிறது. தம்பியின் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 6 அல்லது 7 என்றும், தட்டணு பத்து, இருபதாயிரம் என்றும் இருந்திருக்கும். வெள்ளை அணு 3,200 என்று குறைவாக இருந்ததற்குக் காரணம், பிளாஸ்ட்கள் பெரும்பாலும் மஜ்ஜைக்குள்ளேயே அடைந்து கிடந்ததுதான். அந்த 3,200இலும் கிருமியைத் தடுக்கக்கூடியவை கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு அன்றைய ஆபத்து ரத்தக் கசிவும் காய்ச்சலும். மூளையில் கசிந்தாலோ, கிருமி ரத்தத்தில் பரவினாலோ, சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போகலாம். அதனால்தான் இரவென்றும் பார்க்காமல் ரத்தம் ஏற்றினார்கள்.

அப்பாவுக்கு வந்திருக்கும் குரோனிக் மைலாய்ட் லுகீமியாவில் அணுக்கள் முதிர்கின்றன. முதிர்ந்து, ஏறக்குறைய தங்கள் வேலையையும் செய்கின்றன. அளவுக்கு மீறி உற்பத்தியாவதுதான் கோளாறு. அவருடைய ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு அடுத்த வரிகளைப் படியுங்கள். நியூட்ரோபில், மெட்டாமைலோசைட், மைலோசைட் என்று முதிர்ச்சியின் ஒவ்வொரு படியும் வரிசையாக இருக்கும். பேசோபில் கொஞ்சம் கூடியிருக்கும். பிளாஸ்ட் பெரும்பாலும் ஒன்று, இரண்டு சதவீதம்தான். தட்டணு குறையாமல், சிலருக்கு இயல்பை விட அதிகமாகவும் இருக்கும். வயிற்றின் இடது மேல்பக்கம் மண்ணீரல் வீங்கியிருப்பதால், 'ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிரம்பிடுது' என்று அவர் சொல்லியிருக்கலாம். இந்த நோய் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும், சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். வேறு எதற்கோ ரத்தம் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிய வருவது இதில் மிகவும் சகஜம். ஆகவே மருந்து தொடங்க ஒரு வாரம், பத்து நாள் ஆனாலும் பொதுவாகக் குடி முழுகிவிடாது.

பொதுவாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணிக்கை குறையும் வரை சில அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்: கடுமையான தலைவலி, பார்வை மங்குவது, மூச்சுத் திணறல், இடது விலாவுக்குக் கீழே திடீரென்று குத்தும் வலி, காய்ச்சல். ஆண்களுக்கு வலியோடு கூடிய நீங்காத விறைப்பும் வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

சரி, மாத்திரையால் புற்றுநோய் அடங்குமா? இந்த நோய்க்கு அடங்கும். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தை விடச் சின்னதாக இருப்பதைக் கண்டார்கள். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த விளைவு அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற மரபணு, 'பெருகு, பெருகு' என்று அணுவுக்கு ஓயாமல் கட்டளை போடும் ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதத்தை மட்டும் குறிவைத்து முடக்கும் மருந்துதான் இமாட்டினிப். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்னால் இந்த நோயாளிகளில் பலருக்கு நாலைந்து வருட ஆயுள்தான். இன்று ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்து, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்கள், ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். இந்தியாவில் இதற்குக் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் 2013இல் மறுத்தது. நம் நாட்டு நிறுவனங்கள் பல தயாரிப்பதால் விலை பல மடங்கு குறைவு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்குமா என்றும் உங்கள் ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

வழக்கமான அளவு தினம் 400 மில்லிகிராம். நன்றாகச் சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காலையில் இமை வீங்குவது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது, தோல் கொஞ்சம் வெளுப்பது எல்லாம் வரலாம். மருத்துவரிடம் சொன்னால் சமாளிக்க வழி சொல்வார். நீங்களாக நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்தோ வேறு மாத்திரையோ சேர்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள், சிலவற்றால் இமாட்டினிப்பின் அளவு ரத்தத்தில் கூடவோ குறையவோ செய்யும்.

இனி, இந்த நோயில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். நாற்பதுகளில் இருந்த தையல்காரர் ஒருவர் என்னிடம் சிகிச்சையில் இருந்தார். ஆரம்பத்தில் வெள்ளை அணு ஒன்றரை லட்சம். இமாட்டினிப் ஆரம்பித்த இரண்டு மாதத்துக்குள் 7,000க்கு வந்துவிட்டது, மண்ணீரலும் சுருங்கிவிட்டது. 'நார்மல் ஆயிடுச்சு' என்று எட்டாவது மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து ஈறில் ரத்தம் வருகிறது என்று வந்தபோது ஹீமோகுளோபின் 7, தட்டணு 22,000, பிளாஸ்ட் 60 சதவீதத்துக்கும் மேல். அதாவது, குரோனிக் லுகீமியா உங்கள் தம்பிக்கு வந்ததைப் போன்ற அக்யூட் நோயாகவே மாறிவிட்டது. இதை 'பிளாஸ்ட் கிரைசிஸ்' என்போம். அவருக்கு கீமோ, வேறொரு வீரியமான மாத்திரை, தங்கையிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று என்று எல்லாமே தேவைப்பட்டது.

ரத்த எண்ணிக்கை 7,000 ஆனாலும் உடம்பில் நோய் அணுக்கள் கோடிக்கணக்கில் மிச்சம் இருக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் அவை தெரியாது. பிசிஆர்-ஏபிஎல் அளவைப் பார்க்கும் தனிப் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்வது இதற்காகத்தான். மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள்ளும், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குள்ளும், ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குள்ளும் வந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் முதலில் நான் கேட்பது, 'எத்தனை மாத்திரை விட்டுப்போச்சு?' என்றுதான். ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் மரபணுவில் புது மாற்றம் வந்திருக்கிறதா என்று சோதித்து, அடுத்த தலைமுறை மாத்திரைக்கு மாறுவோம். பல வருடம் மிகக் குறைந்த அளவிலேயே இருந்தவர்களில் சிலருக்கு, மாதாமாதம் கண்காணித்தபடி மருந்தை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம்பியின் சிகிச்சை கடுமையானது. முதல் மாதம் தீவிர கீமோ, நோய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க முதுகுத் தண்டு வழியாக ஊசி, பிறகு தொடர் மருந்து என்று இரண்டு, இரண்டரை வருடம் இழுக்கும். குழந்தைகளுக்கு அதிகம் வருவது லிம்போபிளாஸ்டிக் வகை. அவனுக்கும் அதுவாக இருந்து, நல்ல மையத்தில் சிகிச்சை முடித்தால், முழுக்கக் குணமாகும் வாய்ப்பே அதிகம். பெரியவர்களுக்கு வரும் அக்யூட் வகைகளில் அந்த வாய்ப்பு குறைவு. அப்பாவின் சிகிச்சை மென்மையானது, ஆனால் நீண்டது. சர்க்கரை நோய்க்காரர் மாத்திரை சாப்பிடுவது போல் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும்.

இணையத்தில் தேடும்போது 'குரோனிக் லிம்போசைட்டிக் லுகீமியா' என்று இன்னொன்று வரும். அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. சிலருக்கு மருந்தே கொடுக்காமல் வருடக்கணக்கில் கவனித்து மட்டும் வருவோம். அதைப் படித்துவிட்டு அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்ததால் பயந்திருப்பீர்கள். அப்பாவின் குரோமோசோம் மாற்றம் பிறவியில் வந்ததில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. நீங்கள் யாரும் இதற்காகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டாம்.

இரண்டாவது கருத்து கேட்பதில் தவறில்லை. அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்குப் போவதானால் மஜ்ஜைப் பரிசோதனையின் ஸ்லைடுகள், குரோமோசோம் ரிப்போர்ட், முதல் பிசிஆர்-ஏபிஎல் ரிப்போர்ட் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அந்த இடைவெளியிலும் மாத்திரை தொடரட்டும். முதல் சில வாரங்களில் எண்ணிக்கை தேவைக்கு மேல் இறங்கிவிடுவதும் உண்டு, எனவே சொன்ன தேதிகளில் ரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். ஹெர்னியா அடைத்துக்கொண்டு வலியோ வாந்தியோ வராத வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். எண்ணிக்கை சீரானதும், ரத்த நோய் மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவரும் பேசித் தேதி குறிப்பார்கள்.