அணுக்கரு விசை ஏன் எல்லா நியூக்ளியான்களையும் எட்டுவதில்லை?

"ஒவ்வொரு நியூக்ளியானும் மற்ற எல்லாவற்றையும் இழுத்தால், பிணைப்பு ஆற்றல் A²-ஆக வளர வேண்டாமா? ஏன் A-ஆக மட்டும் வளர்கிறது?"

A என்பது கருவில் உள்ள நியூக்ளியான்களின், அதாவது புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை. எல்லாவற்றையும் இழுத்தால் அப்படித்தான் வளரும். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஹீலியம்-4-இல் 6 ஜோடிகள். பிணைப்பு ஆற்றல் சுமார் 28 MeV. ஜோடிக்கு 4.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு-56-இல் 1540 ஜோடிகள், அதாவது 7200 MeV-க்கு மேல் வர வேண்டும். உண்மையில் இருப்பது 492 மட்டுமே. நியூக்ளியானுக்கு 8.8.

காரணம், விசையின் எட்டும் தூரம். 1935-இல் யுகாவா சொன்னபடி, நியூக்ளியான்கள் நிறையுள்ள ஒரு துகளைப் பரிமாறிக்கொள்கின்றன. எட்டும் தூரம் தோராயமாக ħ/mc. m அந்தத் துகளின் நிறை. அந்தத் துகள்தான் பையான், அதன் mc² சுமார் 140 MeV. ħc-இன் மதிப்பு 197 MeV·fm. வகுத்தால் 1.4 fm, அதாவது 1.4 ஃபெர்மி. இரும்புக் கருவின் விட்டமோ 9 ஃபெர்மி. ஆக, ஒரு நியூக்ளியான் பக்கத்தில் இருப்பவற்றை மட்டுமே வலுவாக இழுக்கிறது. கரு பெரிதானாலும் அந்த அண்டை எண்ணிக்கை கூடுவதில்லை.

சரி, இது மட்டும் போதுமா? போதாது, பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். விசை வெறும் ஈர்ப்பாக இருந்தால், கரு முழுவதும் சுருங்கி 1.4 ஃபெர்மிக்குள் அடங்கிவிடும். அப்புறம் எல்லோரும் எல்லோருக்கும் அண்டை. A² திரும்ப வந்துவிடும். அதைத் தடுப்பவை, அரை ஃபெர்மிக்குள் வரும் கடும் விலக்கமும் பௌலி தவிர்ப்பு விதியும். ஈர்ப்பும் எல்லா ஜோடிக்கும் ஒரே அளவல்ல. ஸ்பின், கோண உந்தம் பொறுத்து மாறும்.

சுருங்கவில்லை என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். எலக்ட்ரான் சிதறல் சோதனைகளில் கருவின் ஆரம் ஏறத்தாழ 1.2 A^(1/3) ஃபெர்மி. அதாவது கன அளவு A-உடன் கூடுகிறது, அடர்த்தி ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது.