இரண்டு பங்குகள், ஆகக் குறைந்த ஆபத்து: வாசகர் கேள்விகள்

ஹட்டன் மாணவி ஒருவர்: தோட்டக் கம்பனிப் பங்கின் நியம விலகல் 30%, வங்கிப் பங்கினது 20%, இணைபுக் குணகம் 0.2. ஆபத்து ஆகக் குறைய தோட்டப் பங்கில் எவ்வளவு போட வேண்டும் என்பது கணக்கு. எனக்கு 59% வருகிறது, விடையில் 26% என்று இருக்கிறது. எங்கே பிழை?

சூத்திரத்தில் 0.2-ஐ அப்படியே போட்டிருக்கிறீர்கள். அங்கே வர வேண்டியது இணைமாறற்றிறன். அதாவது இணைபுக் குணகத்தை இரண்டு நியம விலகல்களாலும் பெருக்கி வருவது: 0.2 × 0.30 × 0.20 = 0.012. தோட்டப் பங்கு A, வங்கிப் பங்கு B, நியம விலகல் σ, இணைபுக் குணகம் ρ, A-யில் போடும் விகிதம் wA என்று வைத்தால்:

```
wA = (σB² − ρσAσB) / (σA² + σB² − 2ρσAσB)
   = (0.04 − 0.012) / (0.09 + 0.04 − 0.024)
   = 0.028 / 0.106 ≈ 0.264
```

தோட்டத்துக்கு 26.4%, மீதி 73.6% வங்கிக்கு. மேலே B-யின் மாறற்றிறன்தான், அதாவது அதன் நியம விலகலின் வர்க்கம்தான் வரும், A-யினது அல்ல. அவசரத்தில் பலர் இதை மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் 59% பிழை என்பதை விடையைப் பார்க்காமலே பிடித்திருக்கலாம். அந்தக் கலவையின் நியம விலகல் கிட்டத்தட்ட 21%. வங்கிப் பங்கை மட்டும் வைத்திருந்தால் 20% தான். "ஆகக் குறைந்தது" என்று சொல்லும் கலவை தனிப் பங்கை விட ஆடினால், கணக்கில் எங்கோ கோளாறு. சரியான கலவை 18.1% தரும்.

இன்னும் கறாராகச் சோதிக்க வேண்டுமா? கலவைக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இடையிலான இணைமாறற்றிறனைக் கண்டுபிடியுங்கள். A-யுடன் 0.264 × 0.09 + 0.736 × 0.012, B-யுடன் 0.736 × 0.04 + 0.264 × 0.012. இரண்டும் 0.0326. இது கலவையின் மாறற்றிறனும்கூட. இரண்டும் ஒன்றாக வராவிட்டால், பணத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொஞ்சம் நகர்த்தி ஆபத்தை இன்னும் குறைக்கலாம் என்று அர்த்தம்.

பதுளையிலிருந்து, ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர்: சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பகுதியை இப்படி இரண்டு பங்குகளில் போட நினைக்கிறேன். பாதிக்குப் பாதி போட்டால் போதாதா?

ஐயா, மேலே உள்ள எண்களுக்குப் பாதிக்குப் பாதி போட்டால் நியம விலகல் 19.6%. வங்கிப் பங்கில் மட்டும் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 26.4% என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு சில்லறைக் கணக்குப் பார்க்கவும் வேண்டாம். 25% போட்டாலும், 30% போட்டாலும் நியம விலகல் 18.1% தான். அடிமட்டத்துக்குப் பக்கத்தில் இந்த வளைவு அநேகமாகத் தட்டையாக இருக்கும். காலுக்கு முக்கால் என்று பிரித்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தச் சூத்திரத்தில் இலாபம் எங்கேயும் வரவில்லை. ஆட்டம் குறைந்த கலவையைத்தான் அது காட்டும். அந்தக் கலவை உங்களுக்குப் போதிய வருமானம் தருமா என்பது தனிக் கேள்வி.

பண்டாரவளை வாசகர்: ஊவாவில் ஒரு தேயிலைக் கம்பனி, நுவரெலியாப் பக்கம் இன்னொன்று. மழையும் பருவமும் வேறு வேறு, அதனால் இரண்டையும் வாங்கினால் ஆபத்து குறையும் என்கிறார் நண்பர். ஆனால் கணக்கில் ஒன்றுக்கு −24% வருகிறதே!

கணக்கு சரி, நண்பர்தான் பாதியைப் பார்த்திருக்கிறார். பருவம் வேறாக இருக்கலாம், ஆனால் இரண்டு கம்பனியின் கொழுந்தும் தேயிலையாகிக் கொழும்பு ஏலத்துக்குத்தான் போகிறது. டொலர் விலையும் சம்பள உயர்வும் இரண்டையும் சேர்த்தே அசைக்கின்றன. நீங்கள் அனுப்பிய எண்கள் 30%, 20%, இணைபு 0.8. மேலே வரும் தொகை 0.04 − 0.048, அதாவது −0.008. கீழே 0.034. வகுத்தால் −0.24.

இதற்கு ஒரு எல்லை உண்டு. சிறிய நியம விலகலைப் பெரியதால் வகுங்கள்: 20/30 = 0.67. இணைபு இதைத் தாண்டினால், கூட ஆடும் பங்கு மறை எண்ணுக்குப் போய்விடும். அதை இரவல் வாங்கி விற்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். சிறு சேமிப்பாளருக்கு அது தேவையில்லாத வேலை. அப்படியானால் ஆபத்து ஆகக் குறைந்த தெரிவு, 20% பங்கை மட்டும் வைத்திருப்பதுதான். இரண்டு பெயர் இருப்பதால் மட்டும் ஆபத்து பரவிவிடாது.

கொட்டகலை வாசகர்: நாள் விலையை வைத்து இணைபு பார்த்தால் 0.1, மாத விலைக்கு 0.5. எதை நம்புவது?

மாத விலையை. கொழும்புச் சந்தையில் சில தோட்டப் பங்குகள் பல நாட்கள் கைமாறுவதே இல்லை. வங்கிப் பங்கு இன்று விழுந்தால், அதே செய்தி தோட்டப் பங்கின் விலையில் தெரிய நாலு நாள் ஆகலாம். நாள் கணக்கில் இரண்டும் தொடர்பில்லாதவை போலத் தெரிவது இதனால்தான். மேலே உள்ள நியம விலகல்களோடு 0.5 போட்டால் தோட்டத்தின் பங்கு 14% ஆகிவிடும். 0.1 போட்டால் 29%. எல்லாவற்றையும் மாதக் கணக்கிலேயே எடுங்கள். நியம விலகல் இரண்டும் ஒரே கால அளவில் இருக்க வேண்டும். ஒன்று மாதத்துக்கு, மற்றது வருடத்துக்கு என்றால் விடை குப்பை.