“நானே!” என்று கத்தும் குழந்தை: கொடைக்கானல் மலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் ஸ்வெட்டர் கட்டாயம் இருக்கும். இந்த முறையும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு உங்கள் பதிலுக்கு வாருங்கள்.

என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். காலையில் ஸ்வெட்டர் ஜிப்பைத் தானே போடுவேன் என்கிறான். அவனால் முடிவதில்லை. வெளியே ஜீப் ஹாரன் அடிக்கும். நான் சர்ரென்று இழுத்துவிட்டால் தரையில் விழுந்து கத்துகிறான். முடியாததைத்தானே செய்து கொடுக்கிறேன், அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?
– ஒரு தாய், பூம்பாறை

ஜிப் மூடியிருக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. ஜிப்பை நான் மூட வேண்டும் என்பது அவன் கணக்கு. நீங்கள் இழுத்ததும் உங்கள் வேலை முடிந்துவிட்டது, அவன் வேலையோ நடக்காமலே போய்விட்டது. மூடிய ஜிப்பை இனி மூட முடியாதே! கத்தல் அதற்குத்தான்.

ஒரு வயதுக் குழந்தை இப்படிக் கோபப்படாது. ஒன்றரை வயதை ஒட்டித்தான் ‘நான்’ என்ற நினைப்பு தெளிகிறது. குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்பு மை தடவிக் கண்ணாடி முன் நிறுத்தும் சோதனை ஒன்று உண்டு. சின்னக் குழந்தை கண்ணாடியில் தெரியும் பாப்பாவைத் தொடப் பார்க்கும். ஒன்றரை, இரண்டு வயதில் பெரும்பாலானவை தன் மூக்கைத் தொடும். கிட்டத்தட்ட அதே பருவத்தில்தான் ஒரு வேலை முடிந்தால் எப்படி இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அதை நோக்கிச் செய்யவும் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ‘நான் செய்தது’ என்ற ஒன்று பிறக்கிறது. அதைத்தான் நீங்கள் சர்ரென்று எடுத்துக்கொண்டீர்கள். “அம்மா, கீழே இறக்கு, நான் முதலிலிருந்து போடுகிறேன்” என்று சொல்ல அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வந்த கோபத்தை அடக்கிவைக்கும் திறனும் மூளையில் முதிர இன்னும் பல வருடம் ஆகும்.

சரி, ஜீப் நிற்கிறதே, என்ன செய்வது?

ஜிப் போடுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அடிமுனையை மறுபக்கத்து ரன்னருக்குள் செருகுவது ஒன்று, ரன்னரை மேலே இழுப்பது மற்றொன்று. செருகுவதற்கு இரண்டு கைகளும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். நாலு வயதுக் குழந்தைகளே அதில் திணறுவார்கள். இழுப்பது இரண்டரை வயதில் வந்துவிடும். உங்கள் மகன் மாட்டிக்கொள்வது செருகுமிடத்தில். அதனால் கடைசிப் பகுதியை முதலில் அவனுக்குக் கொடுங்கள். செருகி, நெஞ்சுவரை இழுத்து, அங்கே நிறுத்திவிடுங்கள். “மிச்சம் உன்னுது.” நெஞ்சிலிருந்து கழுத்துவரை அவன் இழுக்கட்டும். நாலைந்து நாளில் அது சரளமானதும் வயிற்றில் நிறுத்துங்கள். அப்புறம் செருகுவதை மட்டும் உங்களிடம் வைத்துக்கொண்டு முழு இழுப்பையும் விட்டுவிடுங்கள். எப்படி ஆரம்பித்தாலும் முடிப்பது அவன் கை.

ரன்னரில் ஒரு விரல் நீளத்துக்கு நாடா கட்டிவிட்டால் குளிரில் விறைத்த குட்டி விரலுக்குப் பிடி கிடைக்கும். ஸ்வெட்டரின் அடி ஓரத்தை நீங்கள் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டால் ஜிப் சிக்காமல் ஓடும். இதைக் குழந்தைகள் உதவியாகவே எண்ணுவதில்லை! நடுவில் நின்றுவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு “இழுக்கட்டுமா, பிடிச்சுக்கட்டுமா?” என்று கேளுங்கள். பதில் வராமல் கை வைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் பத்து நிமிடம் முன்பே தொடங்க வேண்டும். அது முடியாத நாளும் வரும். அன்றைக்கு ஸ்வெட்டரை எடுக்கும்போதே “இன்னைக்கு அம்மா போடுறேன், சாயங்காலம் கழட்டுறது நீ” என்று சொல்லிவிடுங்கள். அழுவான். பாதியில் பிடுங்கியதால் வரும் அழுகையை விட இது சீக்கிரம் ஓயும்.

மறந்துபோய் இழுத்துவிட்டீர்களா? உடனே ஜிப்பை இறக்கி, பழைய இடத்தில் வைத்து, கையை எடுத்துவிடுங்கள். முதல் சில நொடிகளுக்குள் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். உருளத் தொடங்கிய பிறகு ஜிப்பை இறக்கிப் பயனில்லை. அந்த நேரம் பேச்சும் காதில் ஏறாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

பேத்திக்கு இரண்டு வயது. மலை வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். “பாப்பா! பாப்பா!” என்று ஒரே கூப்பாடு. தோலைத் திரும்ப ஒட்டச் சொல்கிறாள். இன்னொரு பழம் கொடுத்தேன், அமைதியாகிவிட்டாள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்கிறான் என் மகன்.
– ஒரு பாட்டி, பண்ணைக்காடு

நீங்கள் செய்ததில் தப்பில்லை அம்மா. அவள் கேட்டது இன்னொரு பழத்தை அல்ல, உரிக்கும் வேலையை. ஜிப்பை இறக்கலாம், உரித்த தோலை ஒட்ட முடியாது. பழம் இருந்தால் கொடுங்கள், உரித்ததை நீங்கள் சாப்பிடுங்கள். உங்கள் ஊரில் பழத்துக்கா பஞ்சம்? இல்லாத நாளில் “நீ உரிக்கணும்னு நினைச்சே, பாட்டி உரிச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டு அழவிடுங்கள். அதற்குப் பதிலாக மிட்டாய் மட்டும் வேண்டாம். உங்கள் மகன் பயப்பட வேண்டியது அங்கேதான். நாளையிலிருந்து காம்பை மட்டும் கிள்ளி, தோலை ஒரு விரற்கடை கிழித்துக் கையில் கொடுங்கள்.

வீட்டிலிருந்து ரோட்டுக்கு முப்பது படி, அப்புறம் வளைவான சாலை. இரண்டரை வயது மகள் கையைப் பிடிக்க விடுவதில்லை. இதிலும் அவள் இஷ்டத்துக்கு விட வேண்டுமா?
– ஒரு தந்தை, பெருமாள்மலை

கூடாது. படியில் விடுங்கள், சாலையில் விடாதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அவளுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு படி தள்ளி நில்லுங்கள். விழுந்தால் உங்கள் மேல் விழுவாள். சாலை தொடங்கும் இடத்தில் இரண்டே வழி: கையைப் பிடிப்பது, அல்லது தூக்கிக்கொள்வது. எது என்பதை அவள் சொல்லட்டும். இதைப் படியின் உச்சியிலேயே சொல்லிவிடுங்கள், லாரி வரும்போது பேரம் பேச முடியாது. எதையும் சொல்லவில்லை என்றால் தூக்குங்கள், கத்தினாலும் தூக்குங்கள். ஒரு நாள் இரக்கப்பட்டு விட்டுவிட்டு மறுநாள் பிடித்தால் கத்தல் கூடும்.

அங்கன்வாடியில் செருப்பு மாட்டிவிட்டால் பேசாமல் நிற்கிறானாம். என்னிடம் மட்டும் ஆடுகிறான். நான் இளக்காரமா?
– ஒரு தாய், வில்பட்டி

இல்லை. அங்கே முறை வைத்து வரிசையாக நடக்கிறது, கூடவே மற்ற பிள்ளைகளைப் பார்க்கிறான். அடக்கி வைத்ததை வீட்டில் உங்களிடம் கொட்டுகிறான். மாலையில் களைப்பும் பசியும் சேரும். வந்தவுடன் சாப்பிட ஏதாவது கொடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

எந்த அளவுக்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்?
– ஒரு தந்தை, தாண்டிக்குடி

இந்த வயதில் பெரும்பாலான கத்தல் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும், அடுத்த நிமிடம் குழந்தை விளையாடப் போய்விடும். அடிக்கடி அரை மணி நேரம் நீடித்தாலோ, தலையைச் சுவரில் மோதித் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காட்டுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். தானே செய்த குழந்தை முடித்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கும், “பார்த்தியா” என்பதுபோல. அப்படி ஒருபோதும் பார்க்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல், இரண்டு வயதிலும் “அம்மா வா” போல இரு சொல் சேர்த்துப் பேசாமல் இருந்தால், கத்தலை விட அதுதான் முக்கியம். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் இதைக் காட்டலாம். அவர்கள் வருவது ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்பதால், அடுத்த முறைக்குக் காத்திராமல் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கத்தும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் அறையில் பெரும்பாலான பிள்ளைகள் சமர்த்தாகத்தான் உட்கார்ந்திருக்கும்.