பத்து மணிக்குப் படுக்க வைத்தால் கத்துகிறான், அடிக்கிறான்

என் மகனுக்கு 2 வயது 2 மாதம். நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். காலை 6.30-க்கு எழுந்துவிடுவான். 11 மணிக்குத் தூங்கி 12.30-க்கு விழிப்பான். அவன் அப்பா வரும்போது இரவு 9.15 ஆகிவிடும். 10 மணிக்குப் படுக்க வைத்தால் வீறிட்டுக் கத்துகிறான், என் முகத்தில் அறைகிறான். தூங்க 10.30 ஆகிறது. ரெண்டு போட்டால் அடங்குவான் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, வாலாஜா

நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களிலேயே பாதி பதில் இருக்கிறது. மதியம் 12.30-க்கு விழித்தவன் இரவு 10.30 வரை, பத்து மணி நேரம் விழித்திருக்கிறான். இந்த வயதில் மதியத் தூக்கத்துக்குப் பிறகு ஐந்து, ஆறு மணி நேரம்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாங்கும். இந்த வயதுக்கு பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவனுக்குக் கிடைப்பது ஒன்பதரைதான்.

ஏழரை, எட்டு மணி வாக்கில் அவனைக் கவனியுங்கள். கண்ணைக் கசக்குவான், காதை இழுப்பான், காலைக் கட்டிக்கொண்டு சிணுங்குவான். தூங்க வேண்டிய நேரம் அதுதான். அதைத் தவறவிட்டால், விழித்திருப்பதற்காக உடல் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும். ஒன்பது மணிக்குக் கட்டிலில் ஏறிக் குதிப்பது அதனால்தான். "தூக்கம் தப்பிப்போச்சு" என்று பாட்டிமார் சொல்வது சரியான கணிப்பு. அந்த நிலையில் அவனால் தன்னை அடக்கிக்கொள்ள முடியாது. திருப்பி அடித்தால் பயத்தில் உடல் இன்னும் விழித்துக்கொள்ளும். கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதும் மனதில் பதியும்.

முதலில் மதியத் தூக்கத்தைத் தள்ளுங்கள். சமையலை முடிக்க வசதியாக மாமியார் 11 மணிக்குத் தூங்க வைக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் சிரமம் புரிகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளினால், மூன்று வாரத்துக்குள் சோறு ஊட்டிவிட்டு 12.30-க்குப் படுக்க வைக்கலாம். எப்படியும் 2.30, 3 மணிக்குள் எழுப்பிவிட வேண்டும். கூடவே, மூன்று நாளுக்கு ஒருமுறை இரவுப் படுக்கையை அரை மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள்: 9.30, 9, பிறகு 8.30. ஒரே நாளில் எட்டரைக்குப் படுக்க வைத்தால் உடல் கடிகாரம் ஒத்துழைக்காது. ஒரு மணி நேரம் புரண்டு அழுவான். படுத்து இருபது நிமிடத்துக்குள் தூங்கினால் அடுத்த படிக்குப் போங்கள். இல்லாவிட்டால் அதே நேரத்தில் இன்னும் மூன்று நாள் இருங்கள்.

அப்பாவைப் பார்க்காமல் தூங்குகிறானே என்று மனம் கேட்காது. அவருக்கான நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். குளிப்பாட்டுவதும் இட்லி ஊட்டுவதும் அவர் வேலையாகட்டும்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தளம் போட்ட வீடு பகல் சூட்டை இரவில்தான் கக்கும். மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் உடம்பு ஊற்றி, மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, செல்போன் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

நேரம் சரியாகும்வரை கத்தல் சில நாள் தொடரும். அப்போது விளக்கைக் குறைத்து, அறையில் ஒருவர் மட்டும் இருங்கள். கை ஓங்கினால் மணிக்கட்டை மென்மையாகப் பிடித்து, தாழ்ந்த குரலில், "அடிக்க விடமாட்டேன். உனக்குத் தூக்கம் வருது. அம்மா இங்கயே இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். கை தளர்ந்ததும் விட்டுவிடுங்கள். அணைத்தால் திமிறுகிறான் என்றால் ஒரு கை தூரத்தில் தரையில் உட்காருங்கள். அவனே நகர்ந்து வருவான். ஏன் அடித்தாய் என்ற கேள்வியும், சாரி சொல் என்ற வற்புறுத்தலும் அந்த நேரத்தில் வேண்டாம். செல்போனைக் கொடுத்து அடக்கும் வழக்கம் இருந்து, அதை நிறுத்தினால், முதல் மூன்று நான்கு இரவு கத்தல் கூடும். அதைக் கண்டு ஒருநாள் விட்டுக்கொடுத்தால், எவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்பதைக் கற்றுக்கொள்வான். மாமியாரும் அவரும் இதே சொற்களைச் சொல்லும்படி முன்பே பேசிவையுங்கள்.

தூங்குவதற்காகச் சளி சிரப் கொடுக்கவே கூடாது. அது மூச்சை மந்தமாக்கலாம். சில குழந்தைகளை நேர்மாறாகத் துள்ள வைக்கும்.

பெரும்பாலான இரவுகளில் குறட்டை, வாயால் மூச்சு, இடையில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் அடினாய்டு, டான்சில் பார்க்க வேண்டும். இரவில் ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். சோறு குறைவாகவும் பால் அதிகமாகவும் எடுத்து, படுத்ததும் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இன்றிலிருந்து ஒரு நோட்டில் மதியம் எழுந்த நேரம், இரவு படுத்த நேரம், தூங்கிய நேரம் மூன்றையும் எழுதிவாருங்கள். மூன்று வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால், அந்த நோட்டோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.