இரவில் தரையில் கிடந்தார்: இல்லத்து நர்ஸ் எழுதும் ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது?

தக்கலை பக்கத்து முதியோர் இல்லத்தில் அப்பா இருக்கிறார், நான் துபாயில். நர்ஸ் அனுப்பிய ரிப்போர்ட்டில் 'விழுந்தார்' என்றே இல்லை, 'தரையில் கிடந்த நிலையில் பார்த்தேன்' என்றிருக்கிறது. எதையோ மறைக்கிறார்களா?

மறைக்கவில்லை. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் அப்படித்தான் எழுத வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு முறை வாசித்தேன். 1.15-க்கு ரவுண்ட்ஸ் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். 2.40-க்குக் கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில், வலது பக்கமாகச் சரிந்து கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது, ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில். "மூத்திரம் போக எழும்பினேன், பிறகு ஒண்ணும் தெரியல" என்றார். அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதியிருப்பது நல்ல நர்ஸின் அடையாளம்.

அந்த "ஒண்ணும் தெரியல" என்ற சொல்தான் இந்தத் தாளிலேயே முக்கியமானது. வழுக்கி விழுந்தவருக்குப் பெரும்பாலும் வழுக்கியது நினைவிருக்கும். நினைவே இல்லையென்றால் மயங்கியிருக்கலாம். நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஈரத் தரையைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டியைப் பற்றி 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதினேன். தரையை நனைத்தது அவருடைய மூத்திரம், விழுந்த பிறகு போனது. நான் எழுதியதை நம்பி எல்லாரும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறை விழுந்த பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள். நாடித் துடிப்பு மிகக் குறைவாக இருந்தது. அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு உடனே சுகர் பார்த்திருக்கிறார்கள், 118. காலையில் படுத்திருக்கும்போது பிபியின் மேல் எண் 140, எழுந்து நின்று மூன்றாவது நிமிடம் 110. இருபதோ அதற்கு மேலோ இறங்கினால், எழுந்ததும் தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. நீர் பிரியும் மாத்திரையை இரவு எட்டு மணிக்குக் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறது. அந்த மாத்திரை நடுராத்திரி எழுப்பிவிடும், பிபியையும் இறக்கும். அதைக் காலைக்கு மாற்றலாமா, பிராஸ்டேட்டுக்கு ஏதாவது மாத்திரை போகிறதா, ஈசிஜி எடுக்கலாமா என்று இந்த மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அம்மாவைப் பார்த்த பிறகும் கால் மணி நேரம் தரையிலேயே விட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. இது என்ன நியாயம்? (குளச்சல்)

படிக்கும்போது மனசு பதறும்தான். ஆனால் சடாரெனத் தூக்குவதுதான் ஆபத்து. கழுத்து வலிக்கிறதா, கை கால் அசைகிறதா, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படித் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். தூக்கி நிறுத்தாமல், போர்த்திவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் என்ன பார்த்தார்கள் என்று எழுதியிருந்தால் அது வீணான நேரம் இல்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு நேரத்தைப் பற்றி. கடைசியாக எப்போது பார்த்தார்கள், எப்போது கிடக்கக் கண்டார்கள்? இரண்டுக்கும் நடுவில் நாலைந்து மணி நேரம் என்றால் அதைக் கட்டாயம் கேளுங்கள். வெறுந்தரையில் நெடுநேரம் கிடந்தால் உடம்பு குளிரும், அழுந்திய தசை நசிந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும். சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாமியாருக்கு நெற்றியில் சின்ன வீக்கம் மட்டும். 'நன்றாகப் பேசுகிறார், கண்காணிக்கிறோம்' என்று முடித்துவிட்டார்கள். போதுமா? (மார்த்தாண்டம்)

போதாது. 'கண்காணிக்கிறோம்' என்றால் தாளில் நேரம் நேரமாகப் பதிவு இருக்க வேண்டும். தலையில் அடி என்றால் முதல் இரண்டு மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது நாங்கள் பின்பற்றும் முறை. நினைவு, கண்மணி, கைகால் பலம், நாடி, பிபி எல்லாம் பார்க்க வேண்டும். தூங்கினாலும் எழுப்பித்தான் பார்க்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அபிக்சபான், குளோபிடோக்ரல் மாதிரி மாத்திரை எடுக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். எடுத்தால், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டர் அன்றே முடிவு செய்ய வேண்டும். வயதானவர்களுக்கு மூளைக்கு மேலே ரத்தம் மெதுவாகக் கசிந்து சில வாரம் கழித்தும் தெரியவரும். அடுத்த மாதம் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாலோ, எந்நேரமும் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ இந்த இரவின் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி போடச் சொல்லட்டுமா? (நாகர்கோவில்)

எழுந்து நடக்கக்கூடியவர், கொஞ்சம் மறதியும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வேண்டாம். கம்பியின் மேல் ஏறி இறங்கப் பார்ப்பார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலைத் தாழ்த்தி, பாத்ரூம் வழியில் இரவு விளக்கு எரியவிட்டு, அவர் வழக்கமாக எழும்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் நர்ஸே கூட்டிப்போகச் சொல்லுங்கள். அந்த நேரம் ரிப்போர்ட்டிலேயே இருக்கும்.