கோத்தகிரி பக்கம் சுகாதார நிலையத்துக்கு இடம் தேடினா ஓவர்லே ஏன் சரிவைக் காட்டுது?

"அண்ணா, காலேஜ் ப்ராஜெக்டுக்காக கோத்தகிரி தாலுகாவுல புதுசா ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் எங்க கட்டலாம்னு க்யூஜிஐஎஸ் மேப் சாஃப்ட்வேர்ல பாக்குறேன். சரிவு, ரோடு, மக்கள்தொகை, நிலப்பயன்பாடு நாலு லேயருக்கும் வெயிட் குடுத்து கூட்டினேன். முதல் மார்க் வாங்குற இடமெல்லாம் மலை ரோட்டு ஓரத்துல செங்குத்தா இருக்கு. வெயிட்டை மாத்தினா சரியாயிடுமா?"

ஆகாது தம்பி. சரிவுக்கு 25ல இருந்து 40 ஆக்கினா இந்த இடம் போகும், அடுத்தது இதே மாதிரி இன்னொண்ணு வந்து நிக்கும். கூட்டல் கணக்குல ஒரு லேயர்ல போன மார்க்கை இன்னொரு லேயர் ஈடு கட்டிடும், அதான் பிரச்சினையே.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. சரிவு 25, ரோடு 25, மக்கள்தொகை 30, நிலப்பயன்பாடு 20, மார்க் 1ல இருந்து 5 வரைக்கும்னு வச்சுக்குவோம். மேப்ல ஒரு சின்ன சதுரம், அதாவது ஒரு செல்லுல சரிவு 34 டிகிரி, அதனால அங்க 1 தான், ஆனா ரோட்டை ஒட்டி இருக்கறதால 5, மக்கள்தொகை 5, நிலப்பயன்பாடு 4. மொத்தம் 3.8 வருது. இன்னொரு செல்லு 9 டிகிரி தான், சரிவுக்கு 5, ரோடு கொஞ்சம் தள்ளி 3, மக்கள்தொகை 3, நிலப்பயன்பாடு 4, மொத்தம் 3.7. கட்டவே முடியாத இடம் ஜெயிச்சுருச்சு பாத்தீங்களா. மலையில ரோடே சரிவை வெட்டித்தான் போட்டிருக்காங்க, அதனால ரோட்டுக்கு கிட்டன்னு மார்க் குடுத்தா சரிவுக்கே மார்க் குடுத்த மாதிரி தான்.

அதனால லேயரை ரெண்டா பிரிங்க. சில விஷயம் பேரம் பேச முடியாதது: ரொம்ப சரிவு, ரிசர்வ் ஃபாரஸ்ட், ஓடை. இதுக்கெல்லாம் மார்க்கே கிடையாது, 0 இல்லன்னா 1, அதை பெருக்கணும். மிச்சம் இருக்கறதுக்கு மட்டும் வெயிட் போட்டு கூட்டணும். ராஸ்டர் கால்குலேட்டர்ல இப்படி:

```
("slope@1" < 20) * ("rf@1" = 0) * ("stream_dist@1" > 50) * "score@1"
```

20 டிகிரி, 50 மீட்டர் எல்லாம் நான் உதாரணத்துக்கு போட்டது, உங்க கைடு கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. சரிவு எடுக்கறதுக்கு முன்னாடி உயர டேட்டாவை மீட்டர்ல அளக்கற யுடிஎம் 43 வடக்குக்கு மாத்திட்டீங்களான்னு பாருங்க. மாத்தாம விட்டா குறுக்குல டிகிரி, உயரத்துல மீட்டர்னு கலந்து போய், பல வெர்ஷன்ல மேப் முழுக்க 89 டிகிரின்னு காட்டும், பாத்த உடனே தெரிஞ்சுரும்.

```
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -r bilinear dem.tif dem_utm.tif
gdaldem slope dem_utm.tif slope.tif
```

இப்படி 0, 1ஆல பெருக்கி மாஸ்க் போட்டதும் அடுத்த வேடிக்கை ஆரம்பிக்கும். சரிவெல்லாம் போயிட்டா மிச்சம் சமமா இருக்கறது பாதி பள்ளத்தாக்கு அடிதான், அது நல்ல இடம்னு பச்சையா வரும். ஆனா மேல இருந்து வர்ற தண்ணி, மண்ணு எல்லாம் அங்க தானே வந்து சேரும். 2009 நவம்பர் மழையில நீலகிரியில பல இடத்துல மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல இறந்தாங்க, தண்ணி போற வழியை அடைச்சதும் வெட்டினதும் ஒரு காரணம்னு அப்ப நிறைய பேசுனாங்க. அதனால ஓடை லேயரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து மட்டும் எடுக்காதீங்க, அதுல சின்ன ஓடை பாதி இருக்காது. உயர டேட்டாவுல இருந்தே ஒவ்வொரு செல்லுக்கும் மேல இருந்து எவ்வளவு தண்ணி வந்து சேருதுன்னு ஃப்ளோ அக்யுமுலேஷன் போட்டு எடுங்க, மழைக்கு மட்டும் தண்ணி ஓடுற பள்ளமும் அதுல வந்துரும்.

இன்னொண்ணு, 30 மீட்டர் டேட்டாவுல ஒரு செல்லுக்கு 900 சதுர மீட்டர். வீடு கட்ட ஏழெட்டு மீட்டர் நட்டுக்குத்தலா வெட்டி வச்ச மண் சுவரு அதுல தெரியவே தெரியாது, 15 டிகிரின்னு சாதுவா காட்டும். ஒரு ஏக்கர் வேணும்னா சுமாரா நாலரை செல்லு சேந்தாப்ல இருக்கணும், அதுவும் ரயில்பெட்டி மாதிரி வரிசையா இருந்தா பிரயோஜனம் இல்ல. மாஸ்க்கை பாலிகனா மாத்தி, பரப்பளவும் அகலமும் பாத்து சின்னதையெல்லாம் தூக்கிருங்க.

இப்ப மக்கள்தொகை. மலை ரோட்டு ஓரத்துல அந்த செல்லுக்கு 5 மார்க் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? சுத்தி அஞ்சு கிலோமீட்டருக்கு வட்டமா பஃபர் போட்டிருப்பீங்க, அது காத்துல பறந்து மேல இருக்கற டவுன் ஜனத்தை எல்லாம் எண்ணிக்கிச்சு. நிஜத்துல எதிர் மேட்டுல இருக்கற படுகர் ஊரு, அதாவது ஹட்டிக்கு போகணும்னா இறங்கி, சுத்தி, மறுபடி ஏறணும். கண்ணுக்கு எதிர்ல தெரியும், போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

அதனால தூரத்தை விட்டுட்டு நேரத்தை எடுங்க. பஸ், ஜீப்புக்கு ரோடு நெட்வொர்க்ல வேகம் போட்டு பாக்கணும், கொண்டை ஊசி வளைவு இருக்கற பகுதிக்கு சமவெளி வேகத்தை போட்டுறாதீங்க. ரோடு போகாத இருளர், குறும்பர் ஊரு, எஸ்டேட் லயன் இதுக்கெல்லாம் நடை நேரம் தான். அதுக்கு வால்டோ டோப்லர்னு ஒருத்தர் 1993ல குடுத்த ஃபார்முலா இருக்கு, W = 6·exp(-3.5·|S + 0.05|), W மணிக்கு கிலோமீட்டர், S ஏறுற உயரத்தை போற தூரத்தால வகுத்தது. சமதரையில 5 கிலோமீட்டர் வருது, நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் ஏறுற பாதையில 2.5 தான், பாதியாயிடுது. அதுவும் திடமான ஆளுக்கு, நிறைமாச கர்ப்பிணிக்கு இல்ல.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு இடம் இருக்கு. ஆஸ்பத்திரியை ஆரம்பப் புள்ளியா வச்சு நேரம் போட்டா சாஃப்ட்வேர் அங்க இருந்து வெளிய போற நேரத்தை தான் கணக்கு பண்ணும். மேட்டுல கட்டடம் இருந்தா அது இறக்கம், வேகமா காட்டும், நோயாளி வர்றதோ ஏத்தம். ஏத்த இறக்கத்தோட குறியை மாத்திப் போட்டு ஓட்டுங்க, ரெண்டு மேப்பையும் பக்கத்துல வச்சா வித்தியாசம் நல்லா தெரியும்.

மொத்த ஜனத்தையும் எண்ணாதீங்க. ஏற்கனவே இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அரைமணி நேரத்துல போய்ச் சேர முடியாதவங்களை மட்டும் எடுங்க, அவங்களுக்கு தானே புது இடம். மலைப்பகுதியில 20,000 பேருக்கு ஒண்ணுன்னு நெறிமுறை இருக்கு, சமவெளிக்கு 30,000. ஆனா சிதறிக் கிடக்கற ஊர்ல அந்த 20,000 பேரை சேக்க பாதி மலையை சுத்தணும், அதனால ஆள் கணக்கை விட நேரக் கணக்கு தான் எனக்கு சரின்னு படுது.

கடைசியா வெயிட் விஷயத்துக்கு வர்றேன், நீங்க கேட்டது அதைத்தானே. ஒவ்வொரு வெயிட்டையும் பத்து பத்து கூட்டிக் குறைச்சு ஓட்டிப் பாருங்க. எப்படி மாத்தினாலும் முதல் அஞ்சுல நிக்கிற பாலிகன் ரெண்டு மூணு இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கோங்க. ஒரே ஒரு வெயிட்ல மட்டும் ஜெயிக்கிறதை விட்டுருங்க, அதை நீங்க தான் ஜெயிக்க வச்சிருக்கீங்க.

அப்புறம் அந்த ரெண்டு மூணையும் சர்வே நம்பரோட ஒத்துப் பாத்து பட்டாவா, புறம்போக்கா, ஃபாரஸ்ட்டான்னு விஏஓ கிட்ட கேளுங்க, மேப்ல ஃபாரஸ்ட் எல்லை நாப்பது அம்பது மீட்டர் தள்ளிக் கிடக்கறது சாதாரணம். நேர்ல ஐப்பசி, கார்த்திகை மழையில போங்க, கோத்தகிரி பக்கம் அப்ப தான் நல்லா ஊத்தும். மரம் அடியில வளைஞ்சிருக்கா, தரையில வில்லு மாதிரி விரிசல் இருக்கா, எங்கயாவது ஊத்து கிளம்புதான்னு பாத்துட்டு, 108 வண்டி திரும்பறதுக்கு இடம் இருக்கான்னும் நடந்து அளந்துட்டு வாங்க.