வில்வம்: காய் கட்டும், பழம் இளக்கும்

என் மகனுக்கு 4 வயது. முந்தாநாள் இரவிலிருந்து வயிற்றால் போகிறது. வில்வம் வயிற்றுக்கு நல்லது என்று மாமியார் சொன்னதால், பழத்தைக் கரைத்துச் சீனி போட்டு மூன்று டம்ளர் சர்பத் கொடுத்தோம். நின்றபாடில்லை, கூடத்தான் செய்கிறது. ஏன் டாக்டர்?
- கீழக்கரை வாசகி

உங்கள் மாமியார் சொன்னது தப்பில்லை தாயி. மரம் சரி, பருவம்தான் மாறிவிட்டது. வயிற்றுப்போக்கைக் கட்டுவது வில்வங்காய். அதில் துவர்ப்புச் சத்து அதிகம். குடலின் உட்புறத்தைச் சுருக்கி நீர் கசிவதைக் குறைக்கும். பழுக்கப் பழுக்கத் துவர்ப்பு குறைந்து இனிப்பும் வழவழப்பான பிசினும் மிஞ்சும். அது மலத்தை இளக்கும். மலச்சிக்கலுக்கான பழத்தைப் பேதிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போதாக்குறைக்குச் சீனி வேறு. திகட்டத் திகட்டப் போட்ட சீனி குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், போக்கு கூடத்தான் செய்யும்.

இப்போது சர்பத்தை நிறுத்துங்கள். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து நாள்கணக்கில் வைத்துக் குடிக்கும் நம் ஊர்ப்பக்கம் இது கட்டாயம். ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளருக்குக் குறையாமல், வாய் வாயாகக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. இதில் அளவாகச் சேரும் சீனி, உப்போடு சேர்ந்து தண்ணீரை உடம்புக்குள் கொண்டுபோகும். சர்பத் சீனிக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். சோறு, இட்லி எதையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மருந்தும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, ஓயாத வாந்தி, அரிசி கழுவிய தண்ணீர் போல் பேதி: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வில்வங்காய்க் கஷாயத்தையும் குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு அந்தக் காய்க் கஷாயம் எப்படி வைப்பது? நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது காயா பழமா என்று எப்படித் தெரியும்?
- தொண்டி வாசகர்

உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காயின் சதை வெளிர் மஞ்சளாக, கட்டியாக இருக்கும். வாயில் வைத்தால் நாக்கு இழுக்கும். பழத்தின் சதை ஆரஞ்சு நிறம், கையில் ஒட்டும், வாசனை அறையெல்லாம் பரவும். காயைச் சில்லுச் சில்லாக நறுக்கி உலர்த்தியதைத்தான் கடையில் கேட்டு வாங்க வேண்டும். பொடியாக வாங்கினால் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் சில்லாகவே வாங்குங்கள். ஒரு சில்லை மென்று பாருங்கள், துவர்த்தால் சரி.

பத்து கிராம் சில்லை இடித்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, அரை டம்ளராக வற்றவிட்டு வடிகட்டுங்கள். காலையில் பாதி, மாலையில் பாதி. இரண்டு நாளில் குறையாவிட்டாலும், காய்ச்சலோ ரத்தமோ இருந்தாலும் கஷாயத்தை நம்பி உட்காராதீர்கள். குடிக்கும் நாட்களிலும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் அவசியம். கஷாயம் இழந்த நீரைத் திருப்பித் தராது.

கடலுக்குப் போய் வந்தால் மூன்று நாள் வெளிக்கு இருக்க மாட்டேன் ஐயா. வில்வப்பழம் ஒத்துக்கொள்ளுமா?
- மண்டபம் மீனவர்

ஒத்துக்கொள்ளும் தம்பி. படகில் தண்ணீரை மிச்சம் பிடிப்பதும், வந்ததை அடக்குவதும்தான் உங்கள் சிக்கலின் வேர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், வில்வம் பழுக்கும் காலமும் கோடைதான். வீட்டில் இருக்கும்போதே பழகிப் பாருங்கள்.

நடுத்தரப் பழத்தில் பாதியின் சதையைச் சுரண்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். கையால் பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை அரைபட்டுக் கசக்கும். இனிப்புக்கு நம் கருப்பட்டி கொஞ்சம் போதும். மாலையில் குடித்து, மேலே இரண்டு டம்ளர் தண்ணீரும் குடியுங்கள். தண்ணீர் இல்லாமல் பிசின் மட்டும் போனால் இன்னும் இறுகும். ஒரே நேரத்தில் முழுப் பழத்தையும் தின்று வயிறு உப்பி என்னிடம் வந்தவர்கள் உண்டு. பாதிக்கு மேல் வேண்டாம். திடீரென்று சிக்கல் ஏற்பட்டு வயிற்று வலியும் வாந்தியும் இருந்தால் பழம் எதுவும் சாப்பிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்பத் குடிக்கலாமா?
- தேவிபட்டினம் வாசகி

பழமே நல்ல இனிப்பு, கருப்பட்டியும் சர்க்கரைதான். மலச்சிக்கலுக்கு என்றால் இனிப்புச் சேர்க்காமல் கால் டம்ளர் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள், கீரையும் கொய்யாவும் அந்த வேலையைச் செய்யும்.